10 சத மேசையில் ரேக்பேக் 25 வீதம், மற்றத் தளத்தில் 50 வீதம். மாறலாமா?

காலிவீதி_நீலம்
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், வேலை முடிந்து வந்து இரவில் ஒன்லைன் போக்கரில் 5/10 சத ஆறு பேர் மேசை விளையாடுகிறேன், பெரும்பாலும் நான்கு மேசை ஒன்றாக. இப்போது சுமார் 80,000 ஹேண்ட் சேர்ந்திருக்கிறது. மேசையில் மட்டும் பார்த்தால் 88 டொலர் நட்டம். பொட்டுகளிலிருந்து தளம் எடுக்கும் கழிவுதான் ரேக், அதில் என்னிடமிருந்து எடுத்ததாகக் காட்டுவது 600 டொலர். அதில் 25 வீதம், அதாவது 150 டொலர் ரேக்பேக்காகத் திரும்பி வந்தது. ஆகவே கூட்டிக் கழித்தால் 62 டொலர் இலாபத்தில் நிற்கிறேன்.

இப்போது ஒரு நண்பர் வேறு தளத்துக்கு வரச் சொல்கிறார், அங்கே ரேக்பேக் 50 வீதம் வரை என்று போட்டிருக்கிறார்கள். 600இல் பாதி 300, அப்போது என் இலாபம் 212 ஆகியிருக்கும் என்பது என் கணக்கு. இந்தக் கணக்கு சரியா, மாறலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டன்_பம்பலப்பிட்டி
மச்சான் இதில் யோசிக்க என்ன இருக்கிறது, 50 என்பது 25இன் இரண்டு மடங்கு. இன்றைக்கே மாறு. அதோடு நான்கு மேசையை எட்டாக்கு. ரேக்பேக் என்பது விளையாடும் அளவுக்கு வரும் காசு, நீ மேசையில் சும்மா சமமாக நின்றால்கூட ரேக்பேக் மட்டுமே சம்பளம் மாதிரி வரும். நான் அப்படித்தான் விளையாடுகிறேன். வென்றால் என்ன தோற்றால் என்ன, அளவுதான் முக்கியம்.

மழைக்கால_நிட்
தம்பி நீலம், மாறுவதற்கு முன் உங்கள் இலக்கங்களை 100 ஹேண்டுக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்று மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் இரண்டு தளங்களையும் ஒரே கோலால் அளக்கலாம். உங்கள் பிக் பிளைண்ட் 10 சதம். 600 டொலர் என்றால் 6,000 பிக் பிளைண்ட். 80,000 ஹேண்டுக்குப் பிரித்தால் 100 ஹேண்டுக்கு 7.5. நட்டம் 88 டொலர் என்பது 880 பிக் பிளைண்ட், அதாவது 100 ஹேண்டுக்கு 1.1.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மேசையில் உள்ளவர்களிடமிருந்து நீங்கள் 100 ஹேண்டுக்கு 6.4 எடுக்கிறீர்கள், தளம் உங்களிடமிருந்து 7.5 எடுக்கிறது, பிறகு 1.9 போலத் திருப்பித் தருகிறது. மிச்சம் 0.8க்குச் சற்றுக் குறைவு. அதுதான் அந்த 62 டொலர். நீங்கள் மோசமாக விளையாடவில்லை. எதிராளிகளை நன்றாகவே வெல்கிறீர்கள், ஆனால் மேசையில் உங்களைவிடக் கூடுதலாக எடுப்பது தளம்.

இனி மற்றத் தளம். ரேக்பேக் வீதத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் அங்கே ரேக் எப்படி எடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். எத்தனை வீதம், உச்சவரம்பு எவ்வளவு, ஃப்ளொப் வராத பொட்டில் எடுக்கிறார்களா, ஜாக்பொட்டுக்கு என்று தனியாக ஏதாவது கழிக்கிறார்களா. இந்த நான்கும் தெரியாமல் 50 என்ற இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை.

காலிவீதி_நீலம்
நன்றி அக்கா. அவர்களுடைய பக்கத்தில் பார்த்தேன். வீதம் இரண்டிலும் 5 தான். என் தளத்தில் ஃப்ளொப் வராவிட்டால் ரேக் இல்லை. புதிய தளத்தில் ஃப்ளொப்புக்கு முன் மறு ஏற்றம் போடப்பட்ட பொட் என்றால், அங்கேயே முடிந்தாலும் எடுக்கிறார்கள். அதோடு 30 பிக் பிளைண்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு பொட்டிலும் ஒரு பிக் பிளைண்ட் ஜாக்பொட்டுக்குப் போகிறது. ரேக்பேக் 50 என்பது மேல் படி, என் அளவுக்கு 30 போல வரும் என்று நினைக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_77
ரேக் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன், இங்கே கொழும்பில் கசினோவுக்குப் போய் விளையாடினால் இந்தப் பிரச்சினை இல்லைதானே? அங்கே ஆட்கள் கொஞ்சம் சுற்றுலாக்காரர்கள், சாப்பாடும் தருகிறார்கள். ஒன்லைனில் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?

மழைக்கால_நிட்
புதிய தளத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

ஃப்ளொப்புக்கு முன்னேயே ரேக் எடுப்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் 10 சத மேசையில் உங்களைப் போன்றவர் வெல்லும் பொட்டுகளில் நல்ல பங்கு, மறு ஏற்றம் போட்டவுடன் மற்றவர் விட்டுவிட்டுப் போகும் பொட்டுகள். இப்போது அவை முழுதாக உங்களிடம் வருகின்றன. அங்கே அதிலும் 5 வீதம் போகும். உங்கள் ட்ராக்கரில் அந்தப் பொட்டுகளை மட்டும் வடிகட்டி 5 வீதம் கழித்துப் பாருங்கள், என் மேசைகளில் செய்து பார்த்தபோது 100 ஹேண்டுக்கு ஒன்றுக்கு மேல் வந்தது. உங்களுக்கு 1.3 என்று வைத்துக்கொள்வோம். அப்போது ரேக் 7.5 அல்ல, 8.8.

ஜாக்பொட் கழிவு அடுத்தது. 30 பிக் பிளைண்டுக்கு மேற்பட்ட பொட்டை நீங்கள் 100 ஹேண்டுக்கு ஒன்று, ஒன்றரை முறை வெல்வீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிக் பிளைண்ட் போனால் இன்னும் 1.5. மொத்தம் 10.3. முக்கியமான விஷயம், ஜாக்பொட்டுக்கு எடுத்ததற்கு ரேக்பேக் கிடையாது.

இப்போது முழு 50 வீதமே தருகிறார்கள் என்று வைத்தாலும் 8.8இல் பாதி 4.4. உங்கள் 6.4இலிருந்து 10.3 போய், 4.4 திரும்பி வந்தால் மிச்சம் 0.5. இப்போது உங்களிடம் இருப்பது 0.8. அதாவது 25 வீதத் தளம் 50 வீதத் தளத்தைவிட உங்களுக்கு நல்லது. நீங்கள் சொன்ன 30 வீதப் படியில் என்றால் 2.6 மட்டும் திரும்பி வரும், அப்போது 100 ஹேண்டுக்கு 1.3 நட்டம். அதே ஆட்டம், அதே எதிராளிகள், 80,000 ஹேண்டுக்கு 100 டொலருக்கு மேல் கீழே.

உங்கள் முதல் கணக்கில் 600 என்பதை இரண்டு தளத்துக்கும் பொதுவாக வைத்துவிட்டீர்கள், எல்லாம் அங்கேதான் மாறியது.

பட்டன்_பம்பலப்பிட்டி
அக்கா சொல்வது சரி, ஆனால் ஜாக்பொட் காசு தளம் வைத்துக்கொள்வதில்லையே. அது ஆட்டக்காரர்களுக்குத்தான் திரும்பிப் போகிறது. அதை முழுச் செலவாகப் போடுவது நியாயமில்லை.

மழைக்கால_நிட்
திரும்பிப் போகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்கு, எப்போது என்று பாருங்கள் பட்டன். ஃபோர் ஓஃப் எ கைண்ட் வைத்துத் தோற்பது போன்ற ஒரு ஹேண்டுக்குத்தான் அது விழும். உங்கள் மேசையில் அது ஒரு வருடம் வராமலே போகலாம். அதோடு அந்தப் பங்கு மேசையில் இருக்கும் எல்லோருக்கும் போகும், அதிகப் பொட் வென்று அதிகம் கட்டியவருக்கு அதற்கேற்ப வராது. நன்றாக விளையாடுபவர் கட்டுகிறார், எல்லோரும் பிரித்துக்கொள்கிறார்கள். முழுச் செலவு இல்லை என்றால் பாதிச் செலவு என்று போடுங்கள், அப்போதும் 30 வீதப் படியில் நீலம் நட்டத்தில்தான்.

ஏழும்_இரண்டும்
கொட்டாஞ்சேனைக்கு நான் சொல்கிறேன். இலங்கையர் கசினோவுக்குள் போக அரசாங்க நுழைவு வரி இருக்கிறது, 50 டொலராக இருந்தது, 2025இல் 100 டொலராக்கினார்கள். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 ஹேண்ட்தான் போகும். ஆறு மணித்தியாலம் இருந்தால் 170 ஹேண்ட் மாதிரி. மேசை 1/2 டொலர் அளவு என்று வைத்தாலும் அந்த 100 டொலர் 50 பிக் பிளைண்ட், அதாவது ஒரு அட்டை கூடப் பார்க்காமலே 100 ஹேண்டுக்கு ஏறக்குறைய 30 பிக் பிளைண்ட் பின்னால். இதற்குமேல்தான் பொட்டிலிருந்து எடுக்கும் ரேக். மிக நன்றாக விளையாடுபவர் மணிக்கு 10 பிக் பிளைண்ட் எடுத்தாலே பெரிது, ஆறு மணித்தியாலத்துக்கு 60. அதில் 50 வாசலிலேயே போய்விடுகிறது. பெரிய மேசை விளையாடுபவருக்கு இந்த வரி சின்னது, நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே முழு ஆட்டம்.

கொட்டாஞ்சேனை_77
100 டொலரா? நான் கடைசியாகப் போனபோது பாதிதான். நான் போனதும் போக்கருக்கு அல்ல, அதனால் இப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. சரி, ஒன்லைன் கதையைத் தொடருங்கள்.

காலிவீதி_நீலம்
அக்கா, இதைப் படித்த பிறகு எனக்கு வேறு கேள்வி வருகிறது. பட்டன் சொன்ன மாதிரி எட்டு மேசை போட்டால்? தளம் மாறாமல், இதே 25 வீதத்தில்.

மழைக்கால_நிட்
அதற்கு ஒரே ஓர் இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 5.6. உங்கள் 7.5இல் 25 வீதம் திரும்பி வந்த பிறகு உண்மையில் நீங்கள் கட்டுவது 5.6. எதிராளிகளிடமிருந்து 100 ஹேண்டுக்கு 5.6க்கு மேல் எடுத்தால் இலாபம், கீழே போனால் நட்டம், எத்தனை ஹேண்ட் விளையாடினாலும் அப்படித்தான். இப்போது 6.4இல் நிற்கிறீர்கள். எட்டு மேசையில் யோசிக்க நேரம் குறைந்து 5.0க்கு இறங்கினால், ஒவ்வொரு 100 ஹேண்டிலும் 0.6 நட்டம், அளவை இரட்டிப்பாக்கியதால் நட்டமும் இரட்டிப்பு வேகத்தில் வரும். ரேக்பேக் கணக்கில் மட்டும் காசு பெருகுவது தெரியும். அதுதான் ஆட்களைப் பிடித்து வைக்கிறது, மேசைக் கணக்கும் ரேக்பேக் கணக்கும் வேறு வேறு திரையில் இருப்பதால்.

பட்டன், உங்களுக்கும் இதே கேள்வி. 'மேசையில் சமமாக நின்றால்' என்கிறீர்கள். 10 சத மேசையில் சமமாக நிற்பவர் ஏற்கனவே எதிராளிகளை 7 பிக் பிளைண்டுக்கு மேல் வெல்பவர். அது சும்மா கிடைக்கும் இடம் இல்லை.

பட்டன்_பம்பலப்பிட்டி
என் கணக்கு பிளஸ்ஸில்தான் இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை. இந்த வார இறுதியில் ட்ராக்கரைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நான் 25/50 சத மேசையில் விளையாடுகிறேன், அங்கே இதே மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன்.

மழைக்கால_நிட்
இருக்காது, அங்கே நீங்கள் சொல்வதில் உண்மை கூடுகிறது. காரணம் உச்சவரம்பு. நீலத்தின் மேசையில் 4 டொலர் பொட்டுக்கு 5 வீதம் 20 சதம், அதாவது 2 பிக் பிளைண்ட். உச்சவரம்பு 50 சதம் என்றால் பொட் 10 டொலரைத் தொடும் வரைக்கும், அதாவது 100 பிக் பிளைண்ட் வரைக்கும், 5 வீதமும் முழுதாகப் போகும். 1/2 டொலர் மேசையில் அதே 40 பிக் பிளைண்ட் பொட் 80 டொலர், 5 வீதம் 4 டொலர், ஆனால் உச்சவரம்பு 3 டொலர் என்றால் 3தான். ஒன்றரை பிக் பிளைண்ட். பொட் அதைவிட எவ்வளவு வளர்ந்தாலும் ஒன்றரைக்கு மேல் போகாது. அதனால்தான் மேலே போகப் போக 100 ஹேண்டுக்கு ரேக் 7, 8 என்பது 4, 5க்கு இறங்குகிறது. ஆட்டம் கடினமாகிறது, ரேக் இலேசாகிறது. எந்த இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, அதற்கு என்னிடம் பொதுப் பதில் இல்லை.

தெஹிவளை_அலை
எல்லோரும் காஷ் மேசை பற்றியே பேசுகிறீர்கள். நான் டூர்னமென்ட் மட்டும் விளையாடுகிறேன், 5.50 டொலர். அங்கே ரேக் ஒரு முறைதான், 50 சதம், முடிந்தது. எத்தனை ஹேண்ட் விளையாடினாலும் மேலே எதுவும் எடுக்க மாட்டார்கள். நீலம் டூர்னமென்டுக்கு வருவது நல்லது இல்லையா? நான் கடந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் ஒரு சட்டலைட்டும் போடுகிறேன், 5.50 கட்டி 55 டொலர் டிக்கெட் எடுக்கலாம்.

ஏழும்_இரண்டும்
ஒரு முறைதான் என்பது சரி அலை, ஆனால் அது எத்தனை பெரிது என்று பாருங்கள். 5 டொலர் பரிசுக்குப் போகிறது, 50 சதம் தளத்துக்கு. நீங்கள் கட்டியதில் 9.1 வீதம். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் நீண்ட காலத்தில் போடும் ஒவ்வொரு 100 டொலரிலும் 9 டொலர் இழப்பார். சமமாக நிற்கவே மற்றவர்களைவிட 10 வீதம் கூடுதலாக எடுக்க வேண்டும்.

சட்டலைட்டில் அது இரட்டை. 55 டொலர் டிக்கெட்டுக்கு 11 பேர் 5.50 கட்டுகிறார்கள், மொத்தம் 60.50. அதில் 5.50 சட்டலைட்டுக்கான கட்டணம். மிச்சம் 55 டிக்கெட்டாகிறது, அந்த டிக்கெட்டிலேயே 5 டொலர் பெரிய டூர்னமென்டின் கட்டணம். ஆக 60.50 கட்டி 50 டொலர்தான் பரிசுக் குவியலுக்குப் போய்ச் சேர்கிறது. 17 வீதத்துக்கு மேல் கட்டணம். சட்டலைட்டில் ஆட்டம் மிக இலகுவாக இருந்தால் மட்டுமே இது சரிவரும், சில நேரம் அப்படித்தான் இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை.

தெஹிவளை_அலை
இதை இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் 55 டொலரை நேரே கட்ட என்னால் முடியாது, டொலர் 300 ரூபாவில் இருக்கும்போது ஒரு இரவுக்கு 16,500 ரூபா. சட்டலைட் இல்லாவிட்டால் அந்த மேசையைப் பார்க்கவே மாட்டேன்.

ஏழும்_இரண்டும்
அது நியாயமான காரணம். பெரிய மேசையைப் பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுத்தால் பரவாயில்லை. ஆனால் டிக்கெட்டைக் காசாக மாற்ற விடுகிறார்களா என்று பாருங்கள். விட்டால், ஒரு முறை டிக்கெட் எடுத்தவுடன் அதை வைத்து 5.50 டூர்னமென்ட் பத்து விளையாடுவது உங்கள் காசுக்கு நல்லது.

இன்னொன்று. தாமதமாகச் சேர்வது, மீண்டும் நுழைவது. 50 சதத்தை முதல் நிமிடத்தில் கட்டினாலும் தாமதப் பதிவின் கடைசி நிமிடத்தில் கட்டினாலும் ஒன்றுதான். ஆனால் கடைசியில் வருபவர் 15, 20 பிக் பிளைண்டோடு உட்கார்கிறார், அங்கே ஆட்டம் பெரும்பாலும் போடு அல்லது விடு. உங்கள் திறமைக்கு இடம் குறைவு, கட்டணம் முழுசு. மீண்டும் நுழைந்தால் இன்னொரு 50 சதம். வேகமான டூர்னமென்டுகளிலும் இதே கதை, சில தளங்கள் அவற்றுக்குக் கட்டணத்தைக் குறைக்கின்றன, சில குறைப்பதில்லை. லொபியில் 5+0.50 என்று தெரியும், அதைப் பாருங்கள், 4.90+0.60 என்று கூட இருக்கலாம். அதில் 10.9 வீதம்.

மருதானை_பழையவன்
ரேக்பேக் என்பதை உரிமை மாதிரிப் பேசுகிறீர்கள். அது தளத்தின் தயவு. 2015 கடைசியில் போக்கர்ஸ்டார்ஸில் நடந்தது நினைவிருக்கிறதா? சூப்பர்நோவா எலீட் என்று ஒரு படி, ஒரு வருடத்தில் பத்து இலட்சம் புள்ளி சேர்த்தால் அடுத்த வருடம் முழுவதும் அதன் சலுகை. ஆட்கள் 2015 முழுவதும் இரவு பகலாக விளையாடிப் புள்ளி சேர்த்தார்கள், சிலர் மேசையில் நட்டத்தோடு, அடுத்த வருடச் சலுகையை நம்பி. நவம்பரில் 2016இலிருந்து சலுகைகளை வெட்டுகிறோம் என்று அறிவித்தார்கள். டிசம்பரில் ஆட்டக்காரர்கள் மேசையில் உட்கார்ந்து விளையாடாமல் வெளிநடப்புச் செய்தார்கள். வெட்டினது வெட்டினதுதான். ரேக்பேக்கால் மட்டும் இலாபத்தில் இருப்பவனுக்கு இது எந்த மாதமும் நடக்கலாம். நீலம், உங்கள் 62 டொலரில் 150 தளம் தந்தது, அது இல்லாவிட்டால் நீங்கள் 88 கீழே.

எனக்கு வேறு மாதிரி நடந்தது. ஒரு இடைத்தரகர் மூலம் கணக்குத் திறந்தேன், 40 வீதம் என்று சொன்னார், சில மாதம் ஒழுங்காக வந்தது, பிறகு தளம் அவரோடு ஒப்பந்தத்தை முடித்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். கடைசி மாதத்துக்கான காசு இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து தளத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கும் ரேக்பேக்கைத் தவிர வேறு எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

மழைக்கால_நிட்
பழையவன் அண்ணை சொன்னதோடு இன்னொன்று சேர்க்கிறேன், ரேக்பேக் எந்த ரேக்குக்கு என்பது. முன்பு பல தளங்களில் அட்டை வாங்கிய எல்லோருக்கும் ரேக்கைச் சமமாகப் பிரித்தார்கள். பொட்டில் கால் வைக்காமல் விட்டவனுக்கும் பங்கு. போக்கர்ஸ்டார்ஸ் 2012இல் அதை மாற்றி, பொட்டில் யார் எவ்வளவு போட்டாரோ அதற்கேற்பப் பிரிக்கத் தொடங்கியது. இறுக்கமாக விளையாடுபவர்களின் ரேக்பேக் ஒரே நாளில் குறைந்தது.

உதாரணமாக 4 டொலர் பொட், பட்டன் இடத்தில் இருப்பவரும் சிறிய பிளைண்டும் ஆளுக்கு 1.95 போட்டிருக்கிறார்கள், பிக் பிளைண்ட் 10 சதத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ரேக் 20 சதம். முன்பு ஆறு பேருக்கும் 3.3 சதம் எழுதுவார்கள். இப்போது விளையாடிய இருவருக்கும் 9.75. ஆனால் வென்றவர் கையில் வருவது 3.80, முழு 20 சதமும் அவர் வெல்லும் பொட்டிலிருந்து போகிறது. தோற்கும் பொட்டிலும் 9.75 எழுதுவதால் நீண்ட காலத்தில் ஓரளவு சரியாகிவிடும். ஆனாலும் பொட்டில் போட்டதைவிட அதிகப் பங்கு வெல்பவருக்கு எழுதப்படும் ரேக், அவர் உண்மையில் இழக்கும் ரேக்கைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். நீலம், உங்கள் 600 தளத்தின் கணக்கா, ட்ராக்கரின் கணக்கா?

காலிவீதி_நீலம்
தளத்தின் கணக்கு 600. இப்போதுதான் ட்ராக்கரில் வென்ற பொட்டுகளின் ரேக்கைக் கூட்டிப் பார்த்தேன், 620 போல வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன பக்கமாகவே இருக்கிறது.

ரேக்பேக்கை விடுங்கள், ரேக்கையே குறைக்க விளையாட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

மழைக்கால_நிட்
முடியும், நீலத்துக்கு இதுதான் அதிகம் உதவும். உங்கள் தளத்தில் ஃப்ளொப் வராத பொட்டுக்கு ரேக் இல்லை. ஆகவே சிறிய பிளைண்டிலிருந்து ஒருவரின் ஏற்றத்தைச் சும்மா கோல் பண்ணிப் போவதை விட்டுவிடுங்கள், ஒன்றில் திரும்ப ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மடியுங்கள். பிக் பிளைண்டில் விளிம்பு அட்டைகளோடு கோல் பண்ணுவதையும் குறையுங்கள். பட்டன் இடத்தில் இருப்பவர் 2.5 பிக் பிளைண்டுக்கு ஏற்றுகிறார், சிறிய பிளைண்ட் போய்விட்டார், நீங்கள் கோல் பண்ணினால் பொட் 5.5 பிக் பிளைண்ட். ஃப்ளொப் விழுந்தவுடனேயே அதில் 0.27 தளத்துடையது. ரேக் இல்லாத உலகில் 0.1, 0.2 இலாபம் தரும் ஒரு கோல், இங்கே நட்டமாகிவிடுகிறது. எந்த அட்டைக்கு என்ன செய்வது என்று காட்டும் பெரிய மேசைக்காரர்களின் வரைபடத்தைப் பார்த்து 10 சத மேசையில் விளையாடுபவர்கள் பலர் இங்கேதான் காசு விடுகிறார்கள். எந்த வரைபடம் எடுத்தாலும் அது எந்த ரேக்குக்குச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

ஏழும்_இரண்டும்
நான் ஒன்று குறுக்கிடுகிறேன். நாம் எல்லோரும் 6.4 என்பதைக் கல்லில் எழுதிய மாதிரிப் பேசுகிறோம். ஆறு பேர் மேசையில் 100 ஹேண்டுக்கு ஏற்ற இறக்கம் 95 பிக் பிளைண்ட் மாதிரி. 80,000 ஹேண்டில் அதிர்ஷ்டத்தால் மட்டும் 3.4 மேலோ கீழோ போவது சாதாரணம், அதன் இரண்டு மடங்கு போவதும் அபூர்வம் இல்லை. நீலம் உண்மையில் 3 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். ஆனால் 7.5 அப்படி ஆடாது, சில ஆயிரம் ஹேண்டிலேயே அது நிலைத்துவிடும். இரண்டு தளங்களுக்கும் இடையே எதிராளிகள் எவ்வளவு இலகு என்பதை அளக்க இலட்சக் கணக்கில் ஹேண்ட் வேண்டும், ரேக் வித்தியாசத்தை அளக்க ஒரு வாரம் போதும்.

பட்டன்_பம்பலப்பிட்டி
சரி, ஆனால் அந்தப் புதிய தளத்தில் எதிராளிகள் உண்மையிலேயே இலகு. நான் அங்கே விளையாடியிருக்கிறேன். பொட் விடவே மாட்டார்கள், எதையும் கோல் பண்ணுவார்கள். நீலம் அங்கே 6.4 அல்ல, 9 எடுப்பார் என்று நான் சொல்கிறேன். அப்போது அக்காவின் கணக்கே திரும்பிவிடும்.

மழைக்கால_நிட்
திரும்பும், மறுக்க முடியாது. 9 எடுத்தால், 10.3 போய், 30 வீதப் படியில் 2.6 வந்தால் மிச்சம் 1.3. இப்போது இருப்பதைவிட நல்லது. இலகுவான மேசை ரேக்கை வெல்லும். ஆனால் அங்கே கோல் பண்ணுபவர்கள் கூட என்றால் ஃப்ளொப் பார்க்கும் பொட்டும் கூட, பெரிய பொட்டும் கூட, ஆகவே அந்த 8.8உம் ஜாக்பொட் 1.5உம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை விளையாடித்தான் பார்க்க வேண்டும்.

காலிவீதி_நீலம்
அப்படியென்றால் சின்னத் தொகையோடு அங்கே சில ஆயிரம் ஹேண்ட் விளையாடி, ரேக்கை மட்டும் அளந்து பார்க்கிறேன். கார்டில் காசு போடும்போது வங்கி எடுக்கும் மாற்றுக் கழிவையும் சேர்த்துக் குறித்து வைக்கிறேன். ஜாக்பொட் கழிவு ஹேண்ட் ஹிஸ்டரியில் தெரியுமா?

ஏழும்_இரண்டும்
ஓம், சுருக்கத்தின் முதல் வரியில் வரும், இப்படி:

```
Total pot $4.00 | Rake $0.20 | Jackpot $0.10
```

ரேக்கையும் ஜாக்பொட்டையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். ட்ராக்கர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினால், நீங்கள் எதிர்பார்க்கும் ரேக்பேக்கும் தளம் தருவதும் பொருந்தாது. காசு போடும்போது ஒரே முறையாகப் போடுங்கள், சின்னச் சின்னதாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் கழிவு.

தெஹிவளை_அலை
டூர்னமென்ட் கட்டணத்துக்கும் ரேக்பேக் உண்டா? என் தளத்தில் காஷ் மேசைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

மருதானை_பழையவன்
பெரும்பாலான தளங்களில் உண்டு, அந்த 50 சதத்தின் மேல் அதே வீதத்தில் வரும். சிலதில் டிக்கெட்டால் நுழைந்த டூர்னமென்டுக்கு எழுதுவதில்லை. உங்கள் கணக்கில் புள்ளிப் பக்கத்தைத் திறந்து, ஒரு சட்டலைட் விளையாடுவதற்கு முன்னும் பின்னும் பாருங்கள், ஏறினால் உண்டு.